கையில் இருப்பது ஃபைலா, அதன் முகவரியா?

என் தங்கை பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறாள். அவளுக்கு இரண்டு வருடம் முன்னால் படித்துத் தேறிய ஒரு அக்கா, தான் சேர்த்த குறிப்புகள் எல்லாவற்றையும் கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டராகப் போட்டு லிங்க் கொடுத்திருந்தார். 214 ஃபைல், மொத்தம் 6.2 ஜிபி. கையால் எழுதி ஸ்கேன் செய்த பக்கங்கள், பழைய வினாத்தாள்கள், பள்ளிப் பாடநூல் பிடிஎஃப்கள், மாதாமாதம் புதுப்பிக்கும் நடப்பு நிகழ்வுகள் ஷீட் என்று அதில் இல்லாதது இல்லை. லிங்க் வந்த அன்றே தங்கை அதைத் தன் டிரைவில் சேர்த்துக்கொண்டாள். "சேவ் பண்ணிட்டேன் அக்கா, ரொம்ப நன்றி" என்று செய்தியும் அனுப்பினாள்.

எட்டு மாதம் கழித்து ஒரு நாள் காலை அந்த ஷீட்டைத் திறந்தபோது, இது உரிமையாளரின் குப்பைத்தொட்டியில் இருக்கிறது என்று ஒரு அறிவிப்பு வந்தது. பதறிப்போய் அந்த அக்காவுக்குப் போன் போட்டாள். அவர் குரலிலும் அதே பதற்றம்.

"என்ன பிள்ள சொல்லுத? நீதான் அன்னைக்கே சேவ் பண்ணிட்டேன்னு சொன்னியே! உன்கிட்ட ஒண்ணு இருக்குன்னு நெனச்சுத்தான் நான் அழிச்சேன்."

இருவர் மேலும் தப்பு சொல்ல முடியாது. தன் டிரைவில் அதே பெயரில் ஒரு ஃபோல்டர் தெரிந்ததால் அது தன்னிடம் இருப்பதாகத் தங்கை நம்பினாள். அவள் சேவ் செய்துவிட்டதாகச் சொன்னதால் இன்னொரு பிரதி இருக்கிறது என்று அந்த அக்கா நம்பினார். உலகத்தில் இருந்ததோ ஒரே ஒரு ஃபோல்டர். தங்கையிடம் இருந்தது அதற்கு வழிகாட்டும் ஷார்ட்கட் மட்டும்.

அவள் அன்று செய்தது இதுதான். ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து, `Organize` என்பதற்குள் போய், `Add shortcut` என்பதைத் தேர்ந்து, `My Drive`-ஐக் காட்டினாள். உடனே அங்கே ஒரு ஃபோல்டர் வந்து உட்கார்ந்தது. உள்ளே போனால் 214 ஃபைலும் தெரிகின்றன, ஒவ்வொன்றும் திறக்கிறது. ஐகானின் ஓரத்தில் சின்னதாக ஒரு வளைந்த அம்பு இருக்கும். இது ஷார்ட்கட் என்று சொல்வது அந்த அம்பு ஒன்றுதான். கைப்பேசித் திரையில் அதை யார் கவனிக்கிறார்கள்?

ஷார்ட்கட் என்பது ஒரு முகவரிச் சீட்டு. 6.2 ஜிபி ஃபோல்டருக்கு ஷார்ட்கட் வைத்தாலும் நம் கணக்கில் இடம் குறையாது, ஏனென்றால் நம் பக்கம் எதுவும் வந்து சேரவில்லை. அதைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நாம் உரிமையாளரின் ஃபோல்டருக்குள்தான் போகிறோம். அவர் காலையில் ஒரு பக்கம் சேர்த்தால் மதியம் நமக்கும் தெரியும், அவர் எடுத்துவிட்டால் நமக்கும் போய்விடும். நாம் ஷார்ட்கட்டை அழித்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது.

சீட்டை இன்னொருவரிடம் கொடுத்தால் கதவு திறந்துவிடாது என்பதும் முக்கியம். தங்கை தன் தோழிக்கு ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்து, அதற்குள் இந்த ஷார்ட்கட்டையும் போட்டு வைத்திருந்தாள். தோழிக்குப் பெயர் தெரிந்தது, திறந்தால் அனுமதி கேள் என்றது. அந்த அனுமதியைத் தங்கை கொடுக்க முடியாது. மூல ஃபோல்டரைப் பகிரும் உரிமை உள்ளவர்தான் கொடுக்க வேண்டும்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. முன்பு டிரைவில் ஒரே ஃபைலை ஒரே நேரத்தில் பல ஃபோல்டர்களில் வைக்க முடிந்தது. `Add to My Drive` என்று ஒரு வசதி இருந்தது. 2020-ல் ஷார்ட்கட் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 30-க்குப் பிறகு, ஒரு ஃபைல் ஒரே இடத்தில்தான் இருக்கும், மற்ற இடங்களில் ஷார்ட்கட்தான் வைக்கலாம் என்று ஆனது. டிரைவில் சேர்த்தாயிற்று என்று சொல்லும் பழக்கம் மட்டும் நம்மிடம் அப்படியே தங்கிவிட்டது.

காப்பி என்பது வேறு. ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து `Make a copy` கொடுத்தால் புதிதாக ஒரு ஃபைல் பிறக்கிறது. அதன் உரிமையாளர் நாம். அதன் லிங்க் வேறு, அது பிடிக்கும் இடம் நம் 15 ஜிபி கணக்கில். மூல ஃபைலின் உரிமையாளர் அதை அழித்தாலும், பகிர்வை நிறுத்தினாலும் நம் பிரதியை எதுவும் தொடாது. கடையில் ஜெராக்ஸ் எடுத்து வந்த மாதிரிதான். எடுத்த நாளோடு அது நின்றுவிடும் என்பதிலும் ஜெராக்ஸ்தான். நடப்பு நிகழ்வுகள் ஷீட்டை மார்ச்சில் காப்பி எடுத்தால் அதில் மார்ச் வரைக்கும்தான் இருக்கும். அவர் ஏப்ரலில் சேர்ப்பது வராது. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பழைய வரலாறும் காப்பியோடு வராது. யாருடன் பகிர்ந்திருந்தார் என்பதும் தானாகத் தொடராது.

இனி உரிமைக்கு வருகிறேன். நம்மில் பலருக்குத் தெரியாத சங்கதி இங்கேதான் இருக்கிறது. ஒரு ஃபோல்டரின் உரிமையாளர்தான் அதற்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் உரிமையாளர் என்று நினைக்கிறோம். தனிநபர் கணக்குகளில் அப்படி இல்லை. ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனி உரிமையாளர், யார் ஏற்றினாரோ அவர். அந்த 214-ல் 171 தான் அக்காவுடையவை. மீதி 43 அவரோடு சேர்ந்து படித்த மூன்று பேர் ஏற்றியவை. அந்த 43 ஃபைல்களும் அவரவர் கணக்கில்தான் இடம் பிடித்துக்கொண்டிருந்தன. அக்கா ஃபோல்டரை அழித்தால் அவருடைய 171 போகும், மற்றவர்களின் 43 ஃபைலை அழிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் ஃபோல்டர் முழுமையாகப் போய்விட்டால் அவை இருக்க இடமில்லாமல், ஏற்றியவர்களின் கணக்கில் எங்கேயோ நிற்கும். அப்படி நிற்பவற்றை ஏற்றியவரே தன் டிரைவின் தேடல் பெட்டியில் இப்படித் தட்டிக் கண்டுபிடிக்கலாம்:

```
is:unorganized owner:me
```

அலுவலகங்களும் கல்லூரிகளும் பயன்படுத்தும் `Shared drives` மட்டும் இதற்கு விலக்கு. அங்கே போட்ட ஃபைல் நிறுவனத்துக்குச் சொந்தம், போட்டவர் வேலையை விட்டுப் போனாலும் ஃபைல் இருக்கும்.

அந்த அக்கா ஏன் அழித்தார்? வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார். குழந்தையின் போட்டோக்களும் வீடியோக்களும் சேர்ந்து கணக்கு நிரம்பிக்கொண்டே போனது. ஜிமெயில், போட்டோஸ், டிரைவ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 15 ஜிபி. அது நிரம்பிவிட்டால் புதிதாக ஏற்ற முடியாது, மெயில்கூட வராது. எச்சரிக்கை வந்ததும் பெரிதாகக் கண்ணில் பட்ட ஃபோல்டரை எடுத்துப் போட்டுவிட்டார். குப்பைத்தொட்டியில் இருப்பதும் அந்த 15 ஜிபி கணக்கில்தான் சேரும் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றே தொட்டியையும் காலி செய்திருப்பார், பேச்சே முடிந்திருக்கும். குப்பையில் போட்டது 30 நாள் வரை அங்கேயே இருக்கும், அதற்குள் மீட்கலாம். தங்கை கூப்பிட்டபோது மூன்று வாரம் ஆகியிருந்தது.

அவர் அந்த நிமிடமே `Trash` போய் `Restore` கொடுத்தார். ஃபோல்டர் திரும்ப வந்தது. அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். இந்த முறை ஒழுங்காக ஒரு பிரதி எடுத்துவிட வேண்டும் என்று.

முதல் தடை உடனே வந்தது. ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து பார்த்தால் `Make a copy` இல்லவே இல்லை. உலாவியில் டிரைவைத் திறக்கும்போது அந்த வசதி ஃபைலுக்குத்தான் உண்டு. ஷார்ட்கட் மட்டும் ஃபோல்டருக்கும் ஒரே கிளிக்கில் கிடைக்கிறது. எது சுலபமோ அதைத்தானே எல்லோரும் செய்வார்கள். எனவே நாமே ஒரு புது ஃபோல்டரை உருவாக்கி, உள்ஃபோல்டர்களையும் அதே பெயரில் உருவாக்கி, மூலத்தில் ஒவ்வொரு உள்ஃபோல்டராகத் திறந்து, `Ctrl+A` கொடுத்து எல்லாவற்றையும் தேர்ந்து `Make a copy` கொடுக்க வேண்டும். தேர்வில் தப்பித்தவறி ஒரு ஃபோல்டர் இருந்தாலும் அந்த வரி மெனுவில் வராது. ஃபைலிலேயே அந்த வரி வரவில்லை என்றால், பார்ப்பவர்கள் காப்பி, பிரிண்ட், டவுன்லோட் செய்வதை உரிமையாளர் தடுத்து வைத்திருக்கிறார் என்று பொருள். அவரிடம்தான் கேட்க வேண்டும்.

காப்பி எங்கே போய் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மூல ஃபோல்டரில் நமக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் என்றால் பிரதிகள் நம் `My Drive`-ல் வரும், பெயருக்கு முன்னால் `Copy of` என்ற ஒட்டுடன். திருத்தும் அனுமதி இருந்தால் அவை மூல ஃபைலின் பக்கத்திலேயே, அதே பகிர்ந்த ஃபோல்டருக்குள் விழும். தங்கைக்கு அந்த அனுமதி இருந்தது. முதல் உள்ஃபோல்டரில் 38 ஃபைலைக் காப்பி எடுத்தோம். இரண்டு நிமிடத்தில் இன்னொரு பையன் போன் செய்தான்: "அக்கா, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது, என்ன ஆச்சு?" பிரதிகள் தங்கைக்குச் சொந்தம், இருப்பதோ அடுத்தவர் வீட்டில். எல்லாவற்றையும் தேர்ந்து `Move` கொடுத்து எங்கள் ஃபோல்டருக்கு நகர்த்தினோம். பிறகு ஒவ்வொரு உள்ஃபோல்டருக்கும் காப்பி எடுத்த கையோடு நகர்த்துவது என்று வைத்துக்கொண்டோம்.

அதற்குள் இடக் கணக்கு இடித்தது. தங்கையின் கணக்கில் 10.4 ஜிபி ஏற்கெனவே போய்விட்டது. மீதி 4.6 ஜிபியில் 6.2 ஜிபி அடங்காது. எதை விடுவது என்று உட்கார்ந்து பார்த்தோம். பெரிய பங்கு, 3.9 ஜிபி, பள்ளிப் பாடநூல் பிடிஎஃப்கள். அவை அரசின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைக் காப்பி எடுத்து இடத்தை அடைப்பது வீண். அந்த உள்ஃபோல்டருக்கு ஷார்ட்கட்டே போதும் என்று விட்டோம். அது நாளைக்குப் போனாலும் நஷ்டமில்லை. வேறு எங்கும் கிடைக்காத கையெழுத்துக் குறிப்புகளும் வினாத்தாள்களும் சேர்ந்து 2.3 ஜிபி. அவற்றைத்தான் காப்பி எடுத்தோம்.

எல்லாம் முடிந்தது என்று தங்கை நிம்மதியாக மூச்சுவிட்டபோது, அட்டவணை டாக்குமெண்ட்டைத் திறந்து பார் என்றேன். எந்தப் பாடத்துக்கு எந்தக் குறிப்பு என்று லிங்க் கொடுத்திருந்த பக்கம் அது. அதையும் காப்பி எடுத்திருந்தோம். இந்திய அரசியலமைப்பு என்ற வரியைத் தட்டினாள், குறிப்பு திறந்தது. அதன் விவரத்தில் `Owner` என்ற இடத்தைப் பார்த்தால் அந்த அக்காவின் பெயர். பக்கத்தைக் காப்பி எடுத்தோமே தவிர, அதற்குள் இருக்கும் லிங்க் ஒவ்வொன்றும் மூல ஃபைலைத்தான் இன்னும் காட்டுகிறது. காப்பிக்கு லிங்க் வேறு என்று முன்னால் சொன்னேன் அல்லவா, அதன் விளைவு இது. இன்னொரு ஷீட்டிலிருந்து தரவை இழுக்கும் `IMPORTRANGE` போட்ட ஷீட்டுகளுக்கும் இதே கதைதான். காப்பி எடுத்தாலும் பழைய ஷீட்டிலிருந்தே இழுத்துக்கொண்டிருக்கும். மூலம் இருக்கும்வரை எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். அது போகும் நாளில்தான் தெரியவரும். அட்டவணையில் 60-க்கு மேல் லிங்க்குகள். ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும் என்றதும் தங்கையின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

அப்போதுதான் மூன்றாவது வழியைச் சொன்னேன்: உரிமையை மாற்றிக் கொடுப்பது. காப்பி எடுத்தால் நமக்கு உரிமை வரும், ஆனால் லிங்க்கும் வரலாறும் போகும். ஷார்ட்கட் வைத்தால் லிங்க்கும் வரலாறும் இருக்கும், உரிமை நம்மிடம் இராது. உரிமை மாற்றத்தில் ஃபைல் அதே ஃபைல்தான், அதே லிங்க், அதே வரலாறு, பெயர் மட்டும் மாறுகிறது. உரிமையாளர் `Share` போய், அந்த நபரின் பெயருக்கு எதிரே உள்ள பட்டியலில் `Transfer ownership` கொடுக்க வேண்டும். தனிநபர் கணக்குகளில் பெறுபவருக்கு மெயில் வரும், அவர் ஒப்புக்கொண்டால்தான் மாற்றம் நடக்கும். ஒப்புக்கொண்டதும் அந்த ஃபைல் பிடிக்கும் இடமும் அவர் கணக்குக்கு வந்துவிடும். கொடுத்தவர் திருத்தும் அனுமதியோடு மட்டும் நிற்பார். தனிக் கணக்கிலிருந்து அலுவலக அல்லது கல்லூரிக் கணக்குக்கு இப்படி மாற்ற முடியாது. கல்லூரிக் கணக்கில் எல்லாவற்றையும் சேர்த்து வைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஃபோல்டரின் உரிமையை மாற்றினால் உள்ளே இருக்கும் ஃபைல்களின் உரிமையும் சேர்ந்து மாறிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த அக்கா முதலில் நினைத்தது அதைத்தான்: "ஃபோல்டரையே உன் பேர்ல எழுதிக் கொடுத்திருதேன் பிள்ள." அப்படிக் கொடுத்தாலும் 171 ஃபைலும் அவர் கணக்கிலேயே இருந்திருக்கும்.

அதனால் மூன்று ஃபைலை மட்டும் தேர்ந்தெடுத்தோம். நடப்பு நிகழ்வுகள் ஷீட், வினா எண்ணிக்கை ஷீட், அட்டவணை டாக்குமெண்ட். மூன்றும் மாறிக்கொண்டே இருப்பவை, பலரும் வாட்ஸ்அப்பில் லிங்க் வைத்திருப்பவை. அக்கா மாற்றிக் கொடுத்தார், தங்கை மெயிலில் ஒப்புக்கொண்டாள். பழைய லிங்க் அப்படியே வேலை செய்தது. ஆனால் அவை இன்னும் அக்காவின் ஃபோல்டருக்குள்தான் இருந்தன. தங்கை அவற்றைத் தன் ஃபோல்டருக்கு நகர்த்தினாள். நகர்த்தியதும் சிலருக்குத் திறக்கவில்லை. அவர்களுக்கு அதுவரை அனுமதி அந்த ஃபோல்டர் வழியாக வந்திருந்தது. ஃபைல் வெளியே வந்ததும் அனுமதியும் போய்விட்டது. புது ஃபோல்டரை அவர்களோடு மறுபடி பகிர்ந்ததும் சரியானது. அட்டவணையில் இருந்த லிங்க்குகளை மட்டும் இரண்டு மாலை உட்கார்ந்து புதுப் பிரதிகளுக்கு மாற்றினோம். அதற்குக் குறுக்கு வழி எனக்குத் தெரியவில்லை.

ஒன்டிரைவ் வைத்திருப்பவர்களுக்கும் இதே பேச்சுதான். அங்கே அந்த வசதியின் பெயர் `Add shortcut to My files`. டிராப்பாக்ஸில் கணக்கு வேறு மாதிரி. பகிர்ந்த ஃபோல்டரைச் சேர்த்துக்கொண்டால் அதன் முழு அளவும் சேர்த்துக்கொண்ட ஒவ்வொருவரின் இடத்திலும் கழியும்.

43 ஃபைல்களுக்கும் ஆள் தேட வேண்டியிருந்தது. மூன்று பேரில் இருவர் உடனே பதில் சொன்னார்கள், காப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மூன்றாமவரின் எண் மாறியிருந்தது. அவருடைய ஒன்பது ஃபைல்களையும் தங்கை அன்றிரவே காப்பி எடுத்தாள். பிறகு பட்டியலை `Owner` வாரியாக ஒரு முறை ஓட்டிப் பார்த்தாள். பாடநூல் ஷார்ட்கட் ஒன்றைத் தவிர, மேலிருந்து கீழ்வரை எல்லா வரியிலும் `me` என்றிருந்தது. அதற்குப் பிறகுதான் அந்த அக்காவுக்குப் போன் செய்து, "இப்போ அழிச்சுக்கோங்க அக்கா, பாடநூல் ஃபோல்டரை மட்டும் விட்டுருங்க" என்றாள்.